நெரிசலான பட்டைக் குறிவரைவைத் தெளிவாக்க

மலாக்காவின் மத்திய மலாக்கா, அலோர் காஜா, ஜாசின் ஆகிய மூன்று மாவட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டில் சேர்ந்த மாணவர் எண்ணிக்கையை ஐந்து ஆண்டுகளுக்கு வரைந்தால் 15 பட்டைகள் வரும். உங்கள் தோட்டப் பள்ளி ஜாசினில் இருந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு எக்செலில் அதை இப்படிச் சீராக்கலாம்.

1. அச்சைச் சரிபாருங்கள்: செங்குத்து அச்சு 0-இல் தொடங்க வேண்டும். 80-இல் தொடங்கினால், 100-க்கான பட்டை 90-க்கான பட்டையைவிட இரு மடங்கு உயரமாகத் தெரியும். அச்சை இருமுறை சொடுக்கி, Minimum என்ற இடத்தில் 0 இடுங்கள்.

2. கோடுகளை நீக்குங்கள்: பின்னாலுள்ள குறுக்குக்கோடு ஒன்றைச் சொடுக்கி Delete விசையை அழுத்தினால் எல்லாம் மறையும்.

3. ஒன்றுக்கு மட்டும் நிறம்: மற்ற இரு மாவட்டங்களுக்கும் வெளிர் சாம்பல், ஜாசினுக்கு அடர் நீலம். ஒரு பட்டையை ஒருமுறை சொடுக்கினால் அந்த மாவட்டத்தின் ஐந்து பட்டைகளும் தேர்வாகும். மீண்டும் சொடுக்கினால் ஒரு பட்டை மட்டுமே தேர்வாகி, அதன் நிறம் மட்டுமே மாறும்.

4. எண்ணைப் பட்டைமேல் இடுங்கள்: ஜாசின் பட்டையில் வலது சொடுக்கி Add Data Labels தேர்ந்தெடுங்கள். பதினைந்துக்கும் எண் இட்டால் மறுபடி நெரிசல்தான். மற்ற மாவட்டங்களின் எண்களும் தேவையென்றால் கீழே ஒரு சிறு அட்டவணை போதும்.

நகலெடுத்துக் கொடுப்பதற்கு முன் ஒரு தாளைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். ஜாசின் தனித்துத் தெரியாவிட்டால் சாம்பலை இன்னும் வெளிறச் செய்யுங்கள்.