எலுமிச்சை எண்ணெயும் வெயிலும்

கடைகளில் சிறு பழுப்பு நிறக் குப்பிகளில் விற்கும் நறுமண எண்ணெய்களை வாங்கி, தேங்காயெண்ணெயில் கலந்து கை கால்களில் தடவிக்கொள்ளும் வழக்கம் நம் வீடுகளிலும் வந்துவிட்டது. இவற்றுள் எலுமிச்சை (குப்பியில் 'லைம்' என்றிருக்கும்), பெர்கமாட் ஆகிய இரண்டைப் பற்றியும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இவற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளிக்கலாம். பெர்கமாட் என்பது இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் விளையும் ஒரு புளிப்புப் பழம். ஓடிகோலோனுக்கும் ஏர்ல் கிரே தேயிலைக்கும் மணம் தருவது அதன் தோலிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான்.

காரணம் என்ன?

இப்பழங்களின் தோலில் ஃபியூரோகூமரின் என்ற வகைப் பொருள்கள் உள்ளன. பெர்கமாட்டில் முக்கியமானது பெர்காப்டன். தடவியதும் இது தோலின் உயிரணுக்களுக்குள் போய்ச் சேரும். அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. சூரிய ஒளியிலுள்ள ஏ வகைப் புற ஊதாக் கதிர் (320 முதல் 400 நானோமீட்டர்) பட்டதும், அது அணுவின் மரபுப் பொருளோடு பிணைந்துகொண்டு அணுவைக் கெடுக்கிறது. எண்ணெயும் வெயிலும் சேர்ந்தால்தான் கேடு. இந்தக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் ஊடுருவும் என்பதால், வெயில் விழும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பதும் பாதுகாப்பில்லை.

இதே குணத்தை மருத்துவம் நல்லதற்கும் பயன்படுத்துகிறது. வெண்புள்ளிக்குக் கார்போகரிசி பூசி வெயில் காட்டும் பழைய முறையில் வேலை செய்வது இந்த இனத்தைச் சேர்ந்த சோராலென்தான்.

இது ஒவ்வாமை அன்று. ஒவ்வாமை சிலருக்கே வரும். இதுவோ அளவு மிஞ்சினால் யாருக்கும், முதல் தடவையிலேயே வரும்.

ஒரு கணக்கு

எங்கள் குடியிருப்பில் ஓர் இளைஞர் 30 மில்லி தேங்காயெண்ணெயில் 12 சொட்டு பெர்கமாட் விட்டுக் கழுத்திலும் முன்கையிலும் தடவிக்கொண்டு, காலை பத்து மணிக்குக் கிரிக்கெட் ஆடப் போனார். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் மாலை எரிச்சலும் சிவப்பும். மூன்றாம் நாள் கொப்புளம். சாதாரண வெயில் சிவப்பு அன்றே தெரிந்துவிடும். இது 24 மணி நேரம் கழித்துத் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்கு வரும். அதனால்தான் அவருக்கு எண்ணெய்மேல் சந்தேகமே எழவில்லை. காயம் ஆறிய பின்னும் கழுத்தில் எண்ணெய் வழிந்த கோடு பழுப்புத் தழும்பாகப் பல மாதம் நின்றது. இத்தகைய தழும்பு பதக்கம் தொங்குவதுபோல் இருப்பதை வைத்துத்தான் 1925இல் ரோசன்தால் என்ற மருத்துவர் இந்நோய்க்கு 'பெர்லாக்' என்று பெயரிட்டார்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி. எனவே 30 மில்லி என்பது 600 சொட்டு. அதில் 12 சொட்டு என்றால் 2 சதவீதம். கழுவாமல் தோலில் விடும் எண்ணெய்க்கு, நறுமணப் பொருள் துறையின் சர்வதேச அமைப்பான இஃப்ரா வகுத்த வரம்பு பெர்கமாட்டுக்கு 0.4 சதவீதம், பிழிந்தெடுத்த எலுமிச்சைக்கு 0.7 சதவீதம். அதாவது 30 மில்லிக்குப் பெர்கமாட் இரண்டு சொட்டு, எலுமிச்சை நான்கு சொட்டு. அவர் விட்டது ஐந்து மடங்கு. இரண்டையும் சேர்த்து விடுவதானால் ஒவ்வொன்றையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

குப்பியில் பார்க்க வேண்டியது

தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயில் ('கோல்டு பிரஸ்டு') பெர்காப்டன் அப்படியே இருக்கும். நீராவியில் வடித்ததில் ('ஸ்டீம் டிஸ்டில்டு') அநேகமாக இராது. ஏனெனில் மணம் ஆவியோடு போகும், கனமான பெர்காப்டன் கொப்பரையிலேயே தங்கிவிடும். அதே காரணத்தால் உடம்பில் மணம் அடங்கிவிட்டது என்று நம்பி வெயிலில் போவதும் தவறு. மணம் பறந்திருக்கும், பெர்காப்டன் தோலில் இருக்கும். பெர்கமாட் குப்பியில் 'எஃப்.சி.எஃப்.' என்றிருந்தால் அப்பொருளை நீக்கியது என்று பொருள். வகை எழுதாத குப்பியைப் பிழிந்ததாகவே கொள்ளுங்கள். வரம்புக்கு மேல் தடவியவர்கள் 12 முதல் 18 மணி நேரம் அந்த இடத்தில் வெயில் படாமல் மூடிக்கொள்வது நல்லது. இரவில் தடவினாலும் காலையில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

குழந்தைகளுக்கு

எண்ணெய் மட்டுமல்ல, பழமும் இதைச் செய்யும். மொட்டை மாடியில் எலுமிச்சை பிழிந்து சர்பத் போட்டுவிட்டு, கழுவாத கையால் குழந்தையைத் தூக்கினால், இரண்டு நாள் கழித்து அதன் முதுகில் விரல் பதிந்ததுபோல் தடம் தெரியலாம். அடித்த காயம் என்று பார்ப்பவர்கள் ஐயப்பட இடமுண்டு. ஆகவே மருத்துவரிடம் காட்டும்போது, முந்தைய இரண்டு மூன்று நாளில் எலுமிச்சை தொட்டதையும் வெயிலில் இருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். கொப்புளத்தை உடைக்காமல் குளிர்ந்த ஈரத்துணி போடலாம். கொப்புளம் பெரிதானாலும், முகத்தில் வந்தாலும், குழந்தைக்கு வந்தாலும் தாமதியாமல் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆறும் வரை அந்த இடத்தில் மறுபடி வெயில் படவிடக் கூடாது. பட்டால் தழும்பு இன்னும் கருக்கும்.