கைக்கு எவ்வளவு வரும்?

“பழைய தங்கம், கிராமுக்கு 10,000 ரூபாய்” என்று பலகையில் எழுதியிருந்தது. ஒரு பெண் தன் சங்கிலியைக் கொடுத்தாள். எடை 8 கிராம். 80,000 ரூபாய் வரும் என்று எண்ணினாள். கடைக்காரர் சங்கிலியை உருக்கினார். பிறகு பேச்சு மாறியது.

“அழுக்கு, சேதாரம் அரை கிராம். 5,000 கழிந்தது. மீதி 75,000. அதில் நூற்றுக்கு 4 ரூபாய் கட்டணம், 3,000. இந்தாங்கம்மா, 72,000.”

கல்லும் அரக்கும் இருந்தால் எடை குறையும், உண்மைதான். கெட்டிச் சங்கிலியில் அரை கிராம் அழுக்கு ஏது?

“சங்கிலியைத் திருப்பிக் கொடுங்க!”

சங்கிலி ஏது? கட்டிதான் இருந்தது.

அடுத்து தோடு விற்கப் போனாள். முதலில் வேறு கடையில் எடை பார்த்தாள். உருக்காமல் இயந்திரத்தில் தரம் பார்க்கச் சொன்னாள்.

“எல்லாம் போகக் கைக்கு எவ்வளவு? சீட்டில் எழுதிக் கொடுங்க.”

கடைக்காரர் தயங்கினார். அவள் தோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.