வெள்ளத்தன்று போட்ட வீடியோ

மக்கா, மூன்று மாதக் கணக்கை விரித்து வைத்துக்கொண்டு வீடியோவா படமா என்று தீர்ப்புச் சொல்லப் போகிறாய். அந்தப் படிக்கட்டில் வழுக்கி விழுந்தவன் நான். கொஞ்சம் கேட்டுக்கொள்.

1. இரண்டையும் ஒரே படியால் அள. ஒரே ஆள் ஒரு ரீலை மூன்று முறை ஓட்டினால் ஓட்டக் கணக்கு மூன்று; ரீச்சில் அவர் ஒருவர்தான். வீடியோவின் ஓட்டத்தைப் படத்தின் ரீச்சோடு வைத்துப் பார்த்துவிட்டு, வீடியோதான் ராஜா என்று ஒரு காலாண்டு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இரண்டுக்கும் ரீச்சையே எடு.

2. சராசரியை நம்பி முடிவெடுக்காதே. 2023 அக்டோபர் முதல் டிசம்பர் வரை, பத்தமடைப் பாய் விற்கும் ஒருவரின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிசம்பர் 17, 18 பெருமழையில் தாமிரபரணி கரை மீறியது. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்து ஓடியதை வீடியோவாகப் பாய்ப் பக்கத்தில் போட்டுவிட்டேன். ஊரே பார்த்தது. எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன்: ஐந்து வீடியோக்களின் ரீச் 900, 1,100, 1,300, 1,400, 80,000 என்று வை. சராசரி 16,940. ஐந்து படங்கள் 1,200, 1,400, 1,500, 1,700, 1,900. சராசரி 1,540. பதினோரு மடங்கு! ஜனவரியில் படத்தையே நிறுத்தினேன். மார்ச்சில் பாய்க்காரர் கோபப்படவில்லை. "விலை கேட்டு ஆளே வரலையே" என்றார், அவ்வளவுதான். வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். வீடியோவுக்கு 1,300, படத்துக்கு 1,500. வெள்ளம் பார்க்க வந்தவர்களைப் பாய் பார்க்க வந்தவர்களாக எண்ணியது என் ஆசை. கணக்கின் மேல் குற்றமில்லை.

3. எல்லாப் பதிவுக்கும் ஒரே வயது கொடு. அக்டோபரில் போட்டது மூன்று மாதம் வாழ்ந்தது. டிசம்பர் 30-இல் போட்டதற்கு ஒரு நாள்தான். ஒவ்வொன்றையும் பதினான்காம் நாளில் எடுத்து எழுது.

4. வடிவத்தைச் சோதிக்கிறாயா, பொருளையா என்று உன்னையே கேள். தீபாவளி வாரத்துப் படத்தையும் சாதாரண வாரத்து வீடியோவையும் ஒப்பிட்டால் தெரிவது தீபாவளிதான். ஒரே பொருளை, ஒரே மாதிரி வாரங்களில், வீடியோவாகவும் படமாகவும் போடு. மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப் பாய் என்றால், தறியில் கோரை ஓடுவதை வீடியோவில் ரசிப்பார்கள். எழுத்து எவ்வளவு நயமாக விழுந்திருக்கிறது என்று நிறுத்திப் பார்க்கவும், சேமித்து வீட்டாருக்கு அனுப்பவும் படம்தான் வசதி. அதனால் ரீச்சுக்குப் பக்கத்தில் சேவ், ஷேர் இரண்டையும் எழுது.

5. ஐந்துக்கு ஐந்து பதிவை வைத்து 1,300, 1,500 என்று வந்தால், "படம் தோற்கவில்லை" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாதே. அடுத்த காலாண்டில் இரண்டையும் போடச் சொல். விற்பவரிடம் ஒரு நோட்டுக் கொடு, விலை கேட்டு வருகிறவரிடம் "எதைப் பார்த்து வந்தீங்க, வீடியோவா படமா?" என்று கேட்டுக் கோடு போடட்டும்.