பக்கத்து வீட்டுக்கு வந்தவர் உங்க வீட்டுக்கு ஏன் வரல?

டேப்லெட்டோடு ஒருவர் உங்கள் தெருவுக்கு வந்து, நாலைந்து வீட்டில் மட்டும் குடிநீர் இணைப்பு பற்றிக் கேட்டுவிட்டுப் போகிறார். "எங்களை ஏன் கேட்கல?" என்று தோன்றும். அந்த வீடுகளை அவர் தேர்வு செய்யவில்லை. பல கட்டக் கொத்து மாதிரி முறை தேர்வு செய்தது. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

படி 1: மாவட்டம். மாநிலம் முழுமைக்கும் ஒரே முடிவு போதும் என்றால், சில மாவட்டங்களைக் குலுக்கலில் எடுக்கலாம். மாவட்டவாரியாக முடிவு வேண்டுமென்றால் 38 மாவட்டங்களில் ஒன்றைக்கூட விடக்கூடாது.

படி 2: கிராமம். புரிவதற்காக நான்கு கிராமங்களை வைத்துக்கொள்வோம். வீடுகள் முறையே 400, 100, 300, 200, மொத்தம் 1000. இதில் இரண்டு கிராமம் வேண்டும். வரிசையாகக் கூட்டினால் 400, 500, 800, 1000. இடைவெளி 1000 ÷ 2 = 500. குலுக்கலில் 230 வந்தால், அது முதல் கிராமத்தில் விழும். 230 + 500 = 730 மூன்றாவது கிராமத்தில் விழும். பெரிய ஊருக்கு வாய்ப்பு அதிகம்.

படி 3: தெரு. தேர்வான ஊரை, ஏறக்குறைய 100 வீடு கொண்ட தெருத் தொகுதிகளாகப் பிரித்து, இரண்டைக் குலுக்கி எடுக்க வேண்டும்.

படி 4: வீடு. அந்த 200 வீட்டையும் நடந்து போய் பட்டியலிட்டு எண் கொடுக்க வேண்டும். 20 வீடு வேண்டுமென்றால் இடைவெளி 10. குலுக்கலில் 7 வந்தால் 7, 17, 27 என 197 வரை.

இப்போ கணக்கைச் சரிபாருங்க. முதல் ஊரில் ஒரு வீட்டுக்கு வாய்ப்பு 8/10 × 2/4 × 1/10. மூன்றாவது ஊரில் 6/10 × 2/3 × 1/10. இரண்டும் 4 சதவீதம்தான். பெரிய ஊரோ சின்ன ஊரோ, எல்லா வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு.

இது கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, பட்டியல். ஊர்க்கோடியில் உள்ள பத்துக் குடிசைகள் விடுபட்டால் அவற்றுக்கு வாய்ப்பு பூஜ்யம். அங்கே குழாய் இல்லை என்பது கணக்கிலேயே வராது. இரண்டு, பூட்டிய வீடு. "பூட்டியிருக்கு, பக்கத்து வீட்டைக் கேட்போம்" என்று மாற்றக்கூடாது. பகலில் வேலைக்குப் போகும் குடும்பங்கள் அப்படியே கழிந்துவிடும். மாலையிலோ மறுநாளோ திரும்ப வரணும். அப்போதும் ஆள் இல்லையென்றால் 'பதில் இல்லை' என்றே குறிக்கணும். வீட்டு எண்கள் பத்துப் பத்தாகப் போகாமல் 27க்குப் பிறகு 38 என்று வந்தால், மாற்றம் நடந்திருக்கலாம்.

ஒரு வரம்பும் உண்டு. ஒரே தெருவில் எல்லோருக்கும் ஒரே குழாய்தான். அதனால் இரண்டு ஊரில் 20 வீடு வீதம் கேட்பதைவிட, எட்டு ஊரில் 5 வீடு வீதம் கேட்டால் முடிவு துல்லியமாக இருக்கும். ஆனால் அலைச்சலும் செலவும் கூடும்.

அடுத்த முறை பட்டியல் எடுக்க வருபவரிடம் கேளுங்க: "கடைசித் தெருவுக்குப் போனீங்களா?"