சாப்பிடாத வாயில் என்ன அழுக்கு?

ஐசியூ வாசலில் நின்றிருந்தவர் கேட்டார்: "சிஸ்டர், அண்ணன் நாலு நாளா ஒரு வாய் சோறு சாப்பிடலை. மூக்குக் குழாய்லதான் பால் போகுது. அப்புறம் எதுக்கு அவருக்குப் பல் தேய்க்கிறீங்க?"

நம்பிக்கை: சாப்பிடாத வாய் சுத்தமாக இருக்கும்.

நேர் எதிர். நாம் மெல்லும்போது சுரக்கும் உமிழ்நீர்தான் வாயைக் கழுவுகிறது. நினைவிழந்தவர் மெல்லுவதுமில்லை, விழுங்குவதுமில்லை. வென்டிலேட்டர் குழாய் நுழைந்த வாய் திறந்தே கிடந்து காய்கிறது. பற்களில் பிசுபிசுப்பான படலம் தடிக்கிறது. சில நாள்களில் மருத்துவமனைக் கிருமிகளும் அதில் குடியேறிவிடுகின்றன.

நம்பிக்கை: வென்டிலேட்டர் குழாயின் பலூன் மூச்சுக்குழாயை அடைத்திருக்கிறது, எச்சில் நுரையீரலுக்குப் போகாது.

வென்டிலேட்டர் காற்று மேலே கசியாமல் தடுப்பதுதான் பலூனின் முக்கிய வேலை. ஆனால் உப்பிய பலூனில் நுண்ணிய மடிப்புகள் விழும். மேலே தேங்கிய எச்சில் அவற்றின் வழியே துளித்துளியாக இறங்கும். இறுக்கிவிடலாமே என்றால், அழுத்தம் அதிகமானால் மூச்சுக்குழாய்ச் சுவர் புண்ணாகும். அதனால்தான் 20 முதல் 30 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் வைக்கிறார்கள். கசிவை முழுதாக நிறுத்த முடியாதபோது, கசிவதில் கிருமியைக் குறைப்பதே வழி. வென்டிலேட்டர் பொருத்தி 48 மணி நேரத்துக்குப் பின் வரும் நிமோனியாவுக்கு இந்தத் துளிகள் ஒரு முக்கியக் காரணம்.

நம்பிக்கை: குளோர்ஹெக்சிடின் தடவினால் போதும்.

பல ஆண்டுகள் மருத்துவர்களே இப்படித்தான் நம்பினார்கள். ஆனால் தடித்த படலத்துக்குள் மருந்து சரியாக இறங்காது. தேய்த்துத்தான் அகற்ற வேண்டும். இந்த மருந்தால் இறப்பு கூடலாமோ என்ற ஐயமும் ஆய்வுகளில் எழுந்தது. அது இன்னும் தீரவில்லை. 2022-இல் வெளிவந்த அமெரிக்க வழிகாட்டுதல், குளோர்ஹெக்சிடின் இல்லாமல் பல் துலக்குவதையே பரிந்துரைத்தது. பஞ்சுக் குச்சி வாயை ஈரப்படுத்தும், படலத்தை எடுக்காது.

அந்த அண்ணனுக்கு நர்ஸ் செய்தது இது. தலைமாட்டை 30 டிகிரிக்கு மேல் உயர்த்தினார். பலூன் அழுத்தத்தைப் பார்த்தார். பல்லருகே குழாயில் தெரிந்த அளவு 22 சென்டிமீட்டர். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷை நனைத்து உதறினார். ஒரு கையில் பிரஷ், மறு கையில் சக்ஷன். பல்லின் வெளிப்புறம், உட்புறம், ஈறோரம், நாக்கு என்று தேய்க்கத் தேய்க்க உறிஞ்சினார். தண்ணீரை ஊற்றவே இல்லை. விழுங்க முடியாதவருக்கு ஒரு மடக்கு நீரே ஆபத்து. ஈறில் ரத்தம் கசிந்தாலோ, ரத்தத் தட்டணுக்கள் மிகக் குறைந்திருந்தாலோ பிரஷ் பயன்படுத்தலாமா என்று முதலில் மருத்துவரைக் கேட்டிருப்பார்.

பிறகு இன்னொரு நர்ஸ் குழாயைப் பிடித்துக்கொள்ள, உதட்டோரம் புண்ணாகாதிருக்க அதை மறுபக்கம் மாற்றி ஒட்டினார்கள். காய்ந்த உதட்டில் களிம்பு தடவினார்.

இவ்வளவு செய்தாலும் நிமோனியா வராது என்று உறுதி கிடையாது. சளி மஞ்சளாகக் கெட்டிப்படுவது, காய்ச்சல், ஆக்சிஜன் தேவை கூடுவது ஆகியவற்றைக் கவனித்துக்கொண்டே இருந்தார். கிளம்புமுன் குழாய் நகர்ந்திருக்கிறதா என்று மறுபடி பார்த்தார்: 22. சார்ட்டில் குறித்துக்கொண்டார்.