படம் வரலைன்னாலும் விஷயம் வரணும்

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை ஒரு வெப் பக்கமாக ஏற்றுகிறீர்கள். ஃபோல்டரில் இருக்கும் ஃபைல் `Graph.PNG`. நீங்கள் கோடில் அடித்திருப்பது `graph.png`. விண்டோஸ் லேப்டாப்பில் படம் ஜம்முனு வரும், ஏன்னா அங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பெரும்பாலும் கிடையாது. லினக்ஸ் சர்வரில் அவை இரண்டு வேறு ஃபைல்கள். படம் இருக்க வேண்டிய இடத்தில் `alt`-இல் எழுதியது மட்டும்தான் மிஞ்சும். ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிக்கும் பார்வையற்ற வகுப்புத் தோழருக்கு, ஃபைல் சரியாக இருந்தாலும் கிடைப்பது அந்த வரி மட்டும்தான்.

அந்த வரியில் என்ன எழுதுவது? எச்.டி.எம்.எல் தரநிலை இதற்கு ஒரு பொது விதி வைத்திருக்கிறது: படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் `alt` வரியை வைத்தாலும் பக்கத்தின் பொருள் மாறக்கூடாது. அதாவது, படம் எப்படி இருக்கிறது என்று வர்ணிப்பது வேலை இல்லை. அந்த இடத்தில் படம் என்ன சொல்ல வந்ததோ, அதைச் சொல்லணும்.

எல்லாரும் லேபில் போடும் ஆர்.சி லோ பாஸ் ஃபில்டரையே எடுத்துக்கொள்வோம். 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர். 1/(2πRC) போட்டால் கட்ஆஃப் சுமார் 1.59 கிலோஹெர்ட்ஸ். இன்புட் 1 வோல்ட் என்றால் அந்த இடத்தில் அவுட்புட் 0.71 வோல்ட், அதைப்போல பத்து மடங்கு ஃப்ரீக்வென்சியில் 0.1 வோல்ட். இந்த கிராஃபுக்கு நம்மில் பலர் எழுதுவது `alt="graph"`. கொஞ்சம் அக்கறை உள்ளவர், ‘நீல நிறக் கோடு இடமிருந்து வலமாகக் கீழே இறங்கும் வரைபடத்தின் படம்’ என்று எழுதுவார். இது இன்னும் மோசம் என்பேன். நீளமாக இருக்கிறது, ஆனால் ஃபில்டரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘படம்’ என்ற சொல்லும் வேண்டாம், ஸ்கிரீன் ரீடரே அதை அறிவித்துவிடும்.

சரியாக எழுதினால் இப்படி வரும்:

```
<img src="graph.png" lang="ta"
 alt="1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அவுட்புட் பெரிதாகக்
 குறையவில்லை. 1.59 கிலோஹெர்ட்ஸில் 0.71 வோல்ட்,
 15.9 கிலோஹெர்ட்ஸில் 0.1 வோல்ட்.">
```

இப்போ இதே ரிப்போர்ட்டின் ‘முடிவுகள்’ பகுதிக்கு வாங்க. அங்கே தியரி கோடும் நீங்கள் அளந்த கோடும் ஒரே கிராஃபில் இருக்கு. அளந்ததில் கட்ஆஃப் 1.45 கிலோஹெர்ட்ஸிலேயே வந்துவிட்டது. கெப்பாசிட்டர் அதன் 10 சதவீத டாலரன்ஸுக்குள் சற்று மேலே இருந்தாலே இது நடக்கும். மேலே எழுதிய வரியை இங்கே காப்பி-பேஸ்ட் செய்தால், அதில் ஒரு எண்கூடத் தப்பு இருக்காது, ஆனால் விஷயம் போய்விடும். இங்கே கிராஃப் வைத்ததே இரண்டு கோடுக்கும் உள்ள இடைவெளியைக் காட்டத்தான். அதனால், ‘இரண்டு கோடுகளும் ஒரே வடிவம், அளந்தது மட்டும் இடப்பக்கம் தள்ளி, கட்ஆஃப் 1.59-க்குப் பதில் 1.45 கிலோஹெர்ட்ஸ்’ என்று எழுதணும். `alt` அந்த ஃபைலுக்கு ஒட்டிய லேபிள் இல்லை, அதைச் சுற்றி இருக்கும் பத்தியில் ஒரு வாக்கியம்.

சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி: படத்தின் ஃபைல் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டுப் பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணுங்க. பிரவுசர் காட்டும் வரியோடு பத்தியை வேறொருவரிடம் படித்துக் காட்டி, வைவாவில் வருகிற மாதிரி ‘கட்ஆஃப் ஏன் நகர்ந்தது?’ என்று கேளுங்க. ‘எது நகர்ந்தது?’ என்று அவர் திருப்பிக் கேட்டால் வரியை மாற்றி எழுதணும்.

125 எழுத்துக்குள் முடிக்கணும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். தரநிலையில் அப்படி வரம்பு இல்லை. ஆனாலும் இருபது ரீடிங்கை `alt`-இல் திணிக்காதீங்க. அதில் வரிசையோ கட்டமோ கிடையாது, கேட்பவர் ஏழாவது ரீடிங்குக்கு மட்டும் நேரே போகவும் முடியாது. ரீடிங்குகளைக் கீழே டேபிளாகப் போட்டு, முடிவை மட்டும் `alt`-இல் வையுங்கள்.

ஓரத்தில் இருக்கும் அலங்காரப் பூவுக்கு `alt=""` போதும், ஸ்கிரீன் ரீடர் சத்தமில்லாமல் தாண்டிப் போகும். ஆனால் `alt`-ஐயே விட்டுவிட்டால் சில நேரம் ஃபைல் பெயரை ஒவ்வொரு எழுத்தாக வாசித்துத் தள்ளும். காலேஜ் லோகோவே முகப்புக்குப் போகும் லிங்க்காக இருந்தால் அங்கே காலி `alt` ஆகாது. ‘முகப்பு’ என்று எழுதணும், அதை அழுத்தினால் எங்கே போகும் என்பதுதான் அங்கே பொருள்.

கோடில் இருக்கும் `lang="ta"`-ஐ கவனிச்சீங்களா? பக்கம் ஆங்கிலம் என்று அறிவித்திருந்து `alt` மட்டும் தமிழில் இருந்தால், ஆங்கிலக் குரல் தமிழைக் கடித்துத் துப்பும், இல்லை வாசிக்காமலே போகும். என்.வி.டி.ஏ இலவசம்தான், இறக்கி ஒருமுறை கேட்டுப் பாருங்க.