மூணு ஃபுளூரின், மூணு வடிவம்: லோன் பேரை எண்ணாமல் விட்டால்

BF₃, NF₃, ClF₃. இந்த மூன்று ஃபார்முலாக்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்க. நடுவில் ஒரு அணு, சுற்றி மூன்று ஃபுளூரின். பார்க்க மூன்றும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். "இவற்றின் வடிவம் என்ன?" என்று கேள்வி வந்தால், மூன்று கைகள் இருக்கு, சமமாக விரிந்தால் 120°, ஆகவே தள முக்கோணம் என்று மூன்றுக்கும் ஒரே பதிலைப் போட்டுவிடுவோம்.

அதில் ஒன்றுதான் சரி. BF₃ தள முக்கோணம். NF₃ ஒரு பிரமிடு, கோணம் சுமார் 102°. ClF₃ ஆங்கில எழுத்து 'டி' மாதிரி இருக்கும், கோணம் 87.5°. தப்பு வடிவத்தோடும் நிற்பதில்லை. அடுத்த கேள்வி இனக்கலப்பு என்றால் NF₃-க்கு sp³ என்பதற்குப் பதிலாக sp² என்று எழுதுவோம். அதற்கடுத்தது இருமுனைத் திருப்புத்திறன் என்றால் மூன்றுக்கும் பூஜ்ஜியம் என்போம். முதல் கேள்வியில் விட்டது, பின்னால் வரும் இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

எங்கே தவறுகிறோம்?

ஃபார்முலாவில் அணுக்கள் மட்டும்தான் தெரியும். பிணைப்பில் சேராமல் நடு அணுவிலேயே தங்கிவிட்ட எலக்ட்ரான் ஜோடி, அதாவது லோன் பேர், எழுத்தில் தெரியாது. ஆனால் இடம் பிடிப்பதில் அது பிணைப்புக்குக் குறைந்தது இல்லை. 1940-ல் சிட்விக், பவல் இருவரும் சொன்ன கருத்தின் சாரம் இதுதான்: நடு அணுவைச் சுற்றியுள்ள எல்லா ஜோடிகளையும் எண்ணினால்தான் அவை எப்படி விரியும் என்று தெரியும். 1957-ல் கில்லெஸ்பியும் நைஹோமும் இதை விரிவாக்கினார்கள். நாம் VSEPR என்று படிப்பது அதைத்தான்.

லோன் பேர் கூடுதலாகவே இடம் எடுக்கும். பிணைப்பு ஜோடியை இரண்டு அணுக்கருக்கள் இரு பக்கமும் இழுத்துப் பிடிப்பதால் அது நீண்டு, ஒல்லியாக இருக்கும். லோன் பேரைப் பிடிப்பது ஒரே அணுக்கரு. அதனால் அது நடு அணுவுக்குப் பக்கத்திலேயே பரந்து உட்கார்ந்து, அக்கம்பக்கத்துப் பிணைப்புகளைத் தள்ளும்.

எண்ணும் முறை

நடு அணுவின் இணைதிற எலக்ட்ரான்களை எடுத்துக்கோங்க. ஒவ்வொரு ஃபுளூரினுக்கும் ஒன்று கழியுங்க. மீதியை இரண்டால் வகுத்தால் லோன் பேர் எண்ணிக்கை.

போரானிடம் 3 எலக்ட்ரான். மூன்று ஃபுளூரினுக்கு 3 போனால் மீதி 0. மூன்று திசைகள் மட்டுமே, எனவே தள முக்கோணம். நைட்ரஜனிடம் 5. மூன்று போனால் மீதி 2, அதாவது ஒரு லோன் பேர். மூன்றும் ஒன்றும் நான்கு திசைகள், அடிப்படை அமைப்பு நான்முகி. ஒரு மூலையில் லோன் பேர் இருப்பதால் அணுக்களை மட்டும் பார்த்தால் பிரமிடு. குளோரினிடம் 7. மூன்று போனால் மீதி 4, இரண்டு லோன் பேர். மொத்தம் ஐந்து திசைகள், அடிப்படை அமைப்பு முக்கோண இருபிரமிடு.

இங்கே ஒரு எச்சரிக்கை. லூயிஸ் படம் வரைந்தால் ஒவ்வொரு ஃபுளூரின் மேலும் மூன்று லோன் பேர் இருக்கும். அவசரத்தில் அவற்றையும் சேர்த்து எண்ணுபவர்கள் உண்டு. அவை இந்தக் கணக்கில் வராது. நடு அணுவின் மேல் இருப்பவை மட்டும்தான் கணக்கு.

ClF₃: எண்ணியும் தப்பாகும் இடம்

NF₃-இல் எண்ணினாலே வேலை முடிந்துவிடும். நான்முகியின் நான்கு மூலைகளும் ஒரே மாதிரி, லோன் பேரை எங்கே வைத்தாலும் அதே வடிவம்தான். ஐந்து திசைகள் என்றால் அப்படி இல்லை.

ஒரு பூமி உருண்டையை நினைச்சுக்கோங்க. குளோரின் மையத்தில். நடுக்கோட்டில் மூன்று இடங்கள், ஒன்றுக்கொன்று 120° இடைவெளி. இவை எக்வடோரியல். வட துருவத்தில் ஒன்று, தென் துருவத்தில் ஒன்று. இவை ஆக்ஸியல். துருவத்தில் இருப்பவருக்கு 90° தூரத்தில் மூன்று பேர். நடுக்கோட்டில் இருப்பவருக்கு 90°-இல் இரண்டு துருவங்கள் மட்டும், மற்ற இருவர் 120° தள்ளி. 90° நெருக்கம்தான் பெரிய தொல்லை. ஆகவே நடுக்கோடுதான் விசாலமான இடம்.

இரண்டு லோன் பேரை வைக்க மூன்று வழிகள் இருக்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: இரண்டும் துருவங்களில். அவை இரண்டும் 180° தள்ளி இருப்பதால் நல்ல ஏற்பாடு போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு லோன் பேரும் நடுக்கோட்டில் இருக்கும் மூன்று பிணைப்புகளோடும் 90°-இல் மோதும். மொத்தம் 6 மோதல்.

இரண்டாம் வழி: ஒன்று துருவத்தில், ஒன்று நடுக்கோட்டில். இங்கே லோன் பேர் இரண்டும் தங்களுக்குள்ளேயே 90°-இல் இருக்கும். இருப்பதிலேயே மோசமான மோதல் இதுதான். இந்த வழியை உடனே தள்ளிவிடலாம்.

மூன்றாம் வழி: இரண்டும் நடுக்கோட்டில். அவற்றுக்கு இடையே 120°. ஒவ்வொன்றும் 90°-இல் மோதுவது இரண்டு துருவப் பிணைப்புகளோடு மட்டும். மொத்தம் 4 மோதல்.

நாலு ஆறைவிடக் குறைவு, மூன்றாம் வழிதான் விடை. இப்போது லோன் பேர்களை அழித்துவிட்டு அணுக்களை மட்டும் பாருங்க. மேலே ஒரு ஃபுளூரின், கீழே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. 'டி' எழுத்தைப் படுக்கப் போட்ட மாதிரி. லோன் பேர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து தள்ளுவதால் 90° கொஞ்சம் சுருங்கி 87.5° ஆகிறது.

முதல் வழியை இன்னொரு தடவை பாருங்க. லோன் பேர்கள் துருவங்களில் இருந்தால் மூன்று ஃபுளூரினும் நடுக்கோட்டில் 120°-இல் இருக்கும். அதாவது தள முக்கோணம்! லோன் பேரையே எண்ணாதவர் போட்ட அதே தப்பு விடைக்கு, சரியாக எண்ணியவரும் போய்ச் சேர்ந்துவிடுகிறார். இந்தப் பழக்கம் பெரும்பாலும் XeF₄-இலிருந்து வருகிறது. அங்கே இரண்டு லோன் பேரும் எதிரெதிரே இருக்கும் என்பது சரி. ஏனென்றால் எண்முகியின் ஆறு மூலைகளும் சமம், லோன் பேர்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவது மட்டும்தான் அங்கே பிரச்சனை. "எதிரெதிரே வை" என்பதை ஐந்து திசைக் கணக்குக்குக் கொண்டு வரக் கூடாது.

விடை சரி என்று எப்படித் தெரியும்?

அளந்து பார்த்த மதிப்புகள் இருக்கு. ClF₃ தள முக்கோணமாக இருந்தால் மூன்று Cl–F பிணைப்புகளும் ஒரே நீளமாக இருக்க வேண்டும், இருமுனைத் திருப்புத்திறன் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். உண்மையில் ஒரு பிணைப்பு சுமார் 1.60 ஆங்ஸ்ட்ராம், மற்ற இரண்டும் சுமார் 1.70 ஆங்ஸ்ட்ராம். நெருக்கடியான துருவ இடங்களில் இருப்பவைதான் நீளமானவை. திருப்புத்திறனும் பூஜ்ஜியம் இல்லை. NF₃-க்கும் சுமார் 0.23 டிபை இருக்கு. மூன்றில் பூஜ்ஜியம் வருவது BF₃-க்கு மட்டும்.

கேள்வியின் வார்த்தையையும் பாருங்க

லோன் பேரை நினைவில் வைத்தவர்கள் மாட்டுவது வேறொரு இடத்தில். "ClF₃-இன் வடிவம்?" என்றால் முக்கோண இருபிரமிடு என்று எழுதுவார்கள். அது எலக்ட்ரான் ஜோடிகளின் அமைப்பு. மூலக்கூறின் வடிவம் என்பது அணுக்கள் நிற்கும் இடத்தை மட்டும் வைத்துச் சொல்வது. இடம் ஒதுக்கும்போது லோன் பேரைச் சேர்க்கணும், பெயர் வைக்கும்போது விடணும். இனக்கலப்பைக் கேட்டால் மறுபடியும் சேர்க்கணும்.

அயனி வந்தால்

SO₃, SO₃²⁻ இரண்டையும் பாருங்க. எழுத்தில் வித்தியாசம் அந்த மின்சுமை மட்டும்தான். கந்தகத்திடம் 6 எலக்ட்ரான். இரட்டைப் பிணைப்பில் இருக்கும் ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் இரண்டு கழித்தால் SO₃-இல் மீதி 0. தள முக்கோணம். சல்ஃபைட்டில் இரண்டு எதிர்மின்சுமைகளை நடு அணுவின் கணக்கில் சேர்த்தால் 8, அதில் 6 கழித்தால் மீதி 2. ஒரு லோன் பேர், எனவே பிரமிடு. நேர்மின்சுமை என்றால் கூட்டுவதற்குப் பதில் கழிக்கணும். மூலையில் சின்னதாக எழுதியிருக்கும் அந்தக் குறியைக் கவனிக்காமல் போனால் ஒரு லோன் பேர் முழுசாகக் காணாமல் போகும்.

இந்த முறை எதுவரை உதவும்?

வடிவத்தின் பெயரைச் சொல்லும், கோணத்தைத் துல்லியமாகச் சொல்லாது. NH₃-க்கும் PH₃-க்கும் கணக்கு ஒன்றேதான், இரண்டும் பிரமிடுதான். ஆனால் முதலாவதில் கோணம் சுமார் 107°, இரண்டாவதில் சுமார் 93.5°. கனமான நடு அணுவில் லோன் பேர் வடிவத்தைப் பாதிக்காமல் இருப்பதும் உண்டு. TeCl₆²⁻-இல் ஒரு லோன் பேர் இருந்தும் அது ஒழுங்கான எண்முகியாகவே காணப்படுகிறது. இடைநிலை உலோகச் சேர்மங்களுக்கு இந்த முறையைப் போடவே வேண்டாம்.

நீங்களே போட்டுப் பாருங்க

SF₄, BrF₅, I₃⁻. கீழே பார்க்கும் முன் காகிதத்தில் போட்டுவிடுங்க.

SF₄: 6-இல் 4 போனால் ஒரு லோன் பேர், ஐந்து திசைகள். லோன் பேர் நடுக்கோட்டில், வடிவம் சீ-சா. CF₄ மாதிரி நான்முகி இல்லை.

BrF₅: 7-இல் 5 போனால் ஒரு லோன் பேர், ஆறு திசைகள். சதுரப் பிரமிடு. PF₅ மாதிரி முக்கோண இருபிரமிடு இல்லை.

I₃⁻: நடு அயோடினுக்கு 7, மின்சுமைக்கு 1, மொத்தம் 8. இரண்டு பிணைப்புக்கு 2 போனால் மூன்று லோன் பேர். மூன்றும் நடுக்கோட்டை நிரப்பிவிடும், அணுக்களுக்கு மிச்சம் இரண்டு துருவங்கள். வடிவம் நேர்கோடு. லோன் பேரை எண்ணாதவருக்கும் இதே விடைதான் வரும். ஆனால் இனக்கலப்பைக் கேட்டால் அவர் sp என்பார், பாடப்புத்தக விடை sp³d.